மூன்று பேர் தந்த ஐந்து ஸ்டார்

2021 நவம்பர் 2-ஆம் தேதி த.செ.ஞானவேல் இயக்கத்தில் சூர்யா நடித்த 'ஜெய் பீம்' அமேசான் பிரைமில் வெளியானது. இரண்டு வாரத்துக்குள் ஐ.எம்.டி.பி. தளத்தில் அந்தப் படத்தின் ரேட்டிங் பத்துக்கு 9.6 ஆக இருந்தது. பல ஆண்டுகளாக அந்தத் தளத்தில் அசைக்க முடியாத இடத்தில் இருந்த 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' படத்தின் ரேட்டிங் 9.3. உலகப் புகழ்பெற்ற ஹாலிவுட் படத்தை ஒரு தமிழ்ப்படம் முந்திவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அந்த மகிழ்ச்சி நியாயமானதுதான். ஆனால் அதே தளத்தின் 'டாப் 250' பட்டியலில் முதலிடத்தில் அப்போதும் ஷாஷாங்க்தான் இருந்தது.

இதில் யாரும் தமிழ்ப்படத்துக்கு வஞ்சகம் செய்துவிடவில்லை. படத்தின் பக்கத்தில் தெரியும் ரேட்டிங் ஒன்று. பட்டியலில் இடம் கொடுக்கப் பயன்படும் எண் வேறொன்று. அந்த இரண்டாவது எண்ணைக் கணக்கிடும் சூத்திரத்தை ஐ.எம்.டி.பி. தன் பட்டியலின் அடியிலேயே நீண்ட காலம் வெளிப்படையாகப் போட்டிருந்தது:

```
WR = (v / (v + m)) × R + (m / (v + m)) × C
```

R என்பது படத்துக்குக் கிடைத்த சராசரி மதிப்பெண். v என்பது வாக்களித்தவர்களின் எண்ணிக்கை. C என்பது எல்லாப் படங்களுக்கும் சேர்த்த ஒட்டுமொத்த சராசரி, அதை 7.0 என்று குறித்திருந்தார்கள். m-இன் மதிப்பு 25,000.

பார்க்கப் பயமுறுத்தினாலும் உள்ளே நடப்பது எளிய விஷயம். ஒவ்வொரு படத்தின் கணக்கிலும் 25,000 கற்பனை ரசிகர்களைச் சேர்க்கிறார்கள். அந்த ரசிகர்கள் எல்லாரும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் 7 மதிப்பெண்தான் போடுவார்கள். பிறகு உண்மை வாக்குகளையும் கற்பனை வாக்குகளையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். அவ்வளவுதான் சூத்திரம்.

'ஜெய் பீம்' செய்தியான நாட்களில் அதற்கு 53 ஆயிரத்துக்கு மேல் வாக்குகள் விழுந்திருந்தன. 53,000 பேர் சராசரியாக 9.6, கற்பனை ரசிகர்கள் 25,000 பேர் தலா 7. கூட்டி வகுத்தால் ஏறத்தாழ 8.77 வருகிறது. ஷாஷாங்குக்கோ அப்போதே 24 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். அந்தக் கடலில் 25,000 கற்பனை வாக்குகள் கரைந்துபோகின்றன, 9.3 என்பது 9.28 ஆகிறது, அதற்குமேல் இறங்கவில்லை. வித்தியாசமாகத் தெரியும் வாக்குகளை வடிகட்டுவது போன்ற வேறு ஏற்பாடுகளும் அந்தத் தளத்தில் உண்டு. ஆகவே இந்த 8.77 அவர்களுடைய கணினியில் இருந்த துல்லிய எண் அல்ல. சூத்திரம் எந்தத் திசையில், எவ்வளவு பலமாக இழுக்கும் என்பதைக் காட்ட இது போதும். பிந்தைய மாதங்களில் வாக்குகள் பெருகப் பெருக 'ஜெய் பீம்' படத்தின் சாதாரண ரேட்டிங்கே 9-க்குக் கீழே வந்து நின்றது.

படத்தை விட்டுவிட்டுக் கடைக்கு வரலாம். மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. சாலைக்கு உட்புறம் குடியிருக்கும் ஒரு குடும்பம், மாவரைக்க டேபிள்டாப் கிரைண்டர் ஒன்றை ஆன்லைனில் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் நான்கு கிரைண்டர்கள். முதலாவதற்கு 5.0 ஸ்டார், ரிவ்யூ போட்டவர்கள் 3 பேர். இரண்டாவதற்கு 4.4 ஸ்டார், 1,840 பேர். மூன்றாவதற்கு 4.7 ஸ்டார், 60 பேர். நான்காவதற்கு ஒரே ஒரு ரிவ்யூ. அவர் கொடுத்தது ஒரு ஸ்டார். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை, ஆனால் இப்படி ஒரு பக்கத்தைப் பார்க்காத இணைய வாடிக்கையாளர் இருக்க முடியாது.

வெறும் சராசரியை வைத்து வரிசைப்படுத்தினால் மூன்று பேர் பாராட்டிய கிரைண்டர் உச்சியில் ஏறிக்கொள்ளும். எந்தப் பொருளாக இருந்தாலும் இதுவே நடக்கும். காரணம், உச்ச மதிப்பெண்ணான 5.0-ஐத் தக்கவைத்துக்கொள்வது சில ரிவ்யூ வாங்கிய பொருளுக்கு மட்டுமே சாத்தியம். ஆயிரம் பேர் வாங்கிய பொருளில் ஒரு பெல்ட் அறுந்திருக்கும், ஒரு பெட்டி நசுங்கி வந்திருக்கும், ஒருவர் தவறுதலாக ஒரு ஸ்டாரைத் தொட்டிருப்பார். ஆகவே வெறும் சராசரிப் பட்டியலின் உச்சியும் அடியும் எப்போதும் யாரும் அதிகம் வாங்காத பொருட்களால் நிரம்பியிருக்கும். ஒரு பட்டியல் சரியாகச் செய்யப்பட்டதா என்று சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை: முதல் பத்து இடங்களிலும் கடைசிப் பத்து இடங்களிலும் ரிவ்யூ எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டு முனையிலும் ஒற்றை இலக்க எண்களாக இருந்தால், அந்தப் பட்டியல் தரத்தை வரிசைப்படுத்தவில்லை, தற்செயலை வரிசைப்படுத்தியிருக்கிறது.

இப்போது சூத்திரத்தை ஓட்டலாம். கிரைண்டர்களின் ஒட்டுமொத்த சராசரி 4.1 என்றும் கற்பனை வாடிக்கையாளர்கள் 20 பேர் என்றும் கொள்வோம். அந்த 20 பேரின் மொத்தப் பங்களிப்பு 82 ஸ்டார். முதல் கிரைண்டருக்கு உண்மை வாடிக்கையாளர் 3 பேர் தந்த 15-ஐ அதனுடன் கூட்டினால் 97. அதை 23-ஆல் வகுத்தால் 4.22. இரண்டாவது 4.40-இலேயே நிற்கிறது. மூன்றாவது 4.7-இலிருந்து 4.55-க்கு இறங்குகிறது. நான்காவது 1.0-இலிருந்து 3.95-க்கு ஏறுகிறது.

புதிய வரிசையில் முதலிடம் 60 பேர் மெச்சிய கிரைண்டருக்கு. இது கவனிக்க வேண்டிய இடம். அதிக ரிவ்யூ உள்ளதே வெல்லும் என்பது இந்த முறையின் விதி இல்லை. 1,840 பேரின் 4.4-ஐ விட 60 பேரின் 4.7-க்குக் கூடுதல் நம்பிக்கை வைக்கலாம் என்று கணக்கே சொல்கிறது, ஏனென்றால் 60 பேர் என்பது தற்செயலை ஓரளவு அடக்கிவிடும் எண்ணிக்கை. மூன்று பேர் அப்படி இல்லை.

நான்காவது கிரைண்டரின் கதையும் அதே அளவு முக்கியம். மறைமலை நகர் சிட்கோ தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு உற்பத்தியாளர் புதிதாக இணையத்தில் விற்க வருகிறார் என்றால், முதல் வாடிக்கையாளரின் ஒரு கசப்பான ரிவ்யூ அவரை 1.0 என்ற பாதாளத்தில் தள்ளிவிடும். அதன்பின் அவருடைய பொருளை யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள்; பார்க்காவிட்டால் அடுத்த ரிவ்யூ வராது. சராசரியை நோக்கி இழுக்கும் முறை அவரை 3.95-இல் வைத்து இன்னொரு வாய்ப்புத் தருகிறது. மூன்று பேர் பாராட்டிய கிரைண்டருக்கும் கதவு அடைபடவில்லை. அது தொடர்ந்து ஐந்து ஸ்டார் வாங்கினால் பத்தாவது ரிவ்யூவில் 1,840 பேரின் கிரைண்டரைத் தாண்டும். இருபதாவதில் 60 பேரின் கிரைண்டருக்குச் சமமாக நிற்கும். இருபத்தோராவதில் முதலிடம் பிடிக்கும்.

குறைந்த எண்ணிக்கைப் பிரச்சினைக்கு இன்னொரு பழைய தீர்வு உண்டு: ஒரு எல்லைக்கோடு போட்டு, அதற்குக் கீழே இருப்பவர்களை வரிசையிலிருந்தே நீக்கிவிடுவது. கிரிக்கெட் புள்ளிவிவரங்கள் அப்படித்தான் செய்கின்றன. 1948-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய மேற்கிந்தியத் தீவு வீரர் ஆண்டி கான்டோம் 112 ரன் எடுத்தார். அதுவே அவருடைய ஒரே டெஸ்ட் இன்னிங்ஸ். ஆகவே அவருடைய டெஸ்ட் சராசரி 112, பிராட்மனின் 99.94-ஐ விட அதிகம். சராசரிப் பட்டியல்களில் குறைந்தது 20 இன்னிங்ஸ் என்று வழக்கமாகக் கோடு போடுவதால் கான்டோம் அதில் தெரிவதில்லை. ஆனால் கோட்டுக்கு ஒரு குறை உண்டு. 19 இன்னிங்ஸ் ஆடியவர் பட்டியலில் இல்லவே இல்லை. 20 ஆடியவர் பிராட்மனுடன் சம உரிமையோடு நிற்கிறார். ஒரு இன்னிங்ஸ் அவ்வளவு பெரிய மாற்றத்தைத் தர நியாயம் இல்லை. இழுக்கும் முறையில் அந்தத் திடீர்ப் பள்ளம் கிடையாது. ஒவ்வொரு ரிவ்யூ சேரும்போதும் சொந்தச் சராசரியின் குரல் கொஞ்சம் உயர்கிறது, பொதுச் சராசரியின் குரல் கொஞ்சம் தாழ்கிறது. ரிவ்யூ எண்ணிக்கை m-க்குச் சமமாகும்போது இரண்டும் சரிபாதி.

எல்லாம் m-இல்தான் இருக்கிறது. கிரைண்டருக்கு 20 என்றோம்; ஐ.எம்.டி.பி. 25,000 என்கிறது. இந்த எண் எங்கிருந்து வருகிறது?

இரண்டு விதமான சிதறல்களை ஒப்பிட்டு அதைக் கண்டுபிடிக்கலாம். முதலாவது, ஒரே பொருளை வாங்கியவர்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாடு. ஒருவர் 5 போடுவார், பக்கத்து வீட்டுக்காரர் 3 போடுவார். இந்த வேறுபாட்டின் திட்ட விலக்கம் 1.2 ஸ்டார் என்று வைத்தால், அதன் வர்க்கம் 1.44. இரண்டாவது, பொருட்களின் உண்மையான தரத்துக்குள் இருக்கும் வேறுபாடு. நல்ல கிரைண்டருக்கும் சுமாரான கிரைண்டருக்கும் இடையே உள்ள இந்த விலக்கம் 0.27 ஸ்டார் என்றால், வர்க்கம் சுமார் 0.073. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஏறக்குறைய 20. அதுவே m.

இதன் பொருள் தெளிவானது. சந்தையில் உள்ள கிரைண்டர்கள் எல்லாமே ஏறத்தாழ ஒரே தரம், ஆனால் வாங்குபவர்கள் மனம்போல் ஸ்டார் போடுகிறார்கள் என்றால் m பெரிதாகும். ஒரு சில ரிவ்யூக்களை நம்பக் கூடாது. மாறாக, சில பொருட்கள் அருமை, சில படுமோசம், வாங்கியவர்களும் பெரும்பாலும் ஒரே கருத்தில் இருக்கிறார்கள் என்றால் m சிறிதாகும். தர வேறுபாடு 0.6 ஸ்டார் என்று மாறினால் m வெறும் 4 ஆகிவிடும். அங்கே மூன்று பேரின் பேச்சுக்கே நல்ல மதிப்பு உண்டு.

விலக்கம், வர்க்கம் என்று போக விரும்பாத கடைக்காரருக்கு இன்னொரு வழி இருக்கிறது. நிறைய ரிவ்யூ உள்ள பழைய பொருட்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் முதல் ஐந்து ரிவ்யூக்களை மட்டும் வைத்து, பின்னால் வந்த ரிவ்யூக்களின் சராசரியைக் கணித்துப் பார்க்க வேண்டும். m-ஐ 1, 5, 20, 100 என்று மாற்றி மாற்றி ஓட்டினால், எந்த m-இல் கணிப்பு உண்மைக்கு மிக அருகில் வருகிறது என்று தரவே காட்டிக்கொடுக்கும்.

இந்த அளவுகோலால் ஐ.எம்.டி.பி.யின் 25,000-ஐப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. ஒரே படத்துக்கு ரசிகர்கள் போடும் மதிப்பெண்ணின் விலக்கம் பத்துக்கு 2 அளவில் இருக்கும் என்றும், படங்களுக்கு இடையேயான தர வேறுபாடு 1 அளவில் இருக்கும் என்றும் கொண்டால், m வெறும் 4 என்று வருகிறது. இந்தத் தோராயத்தைப் பத்து மடங்கு தாராளமாக வைத்தாலும் 40. தற்செயலை மட்டும் அடக்குவதற்கு 25,000 தேவையே இல்லை. 53,000 பேர் வாக்களித்த பிறகு 'ஜெய் பீம்' படத்தின் 9.6-இல் தற்செயல் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. அந்த 53,000 பேர் உண்மையாகவே அப்படித்தான் மதிப்பிட்டார்கள்.

அப்படியானால் 25,000 எதற்கு? வாக்களித்தவர்கள் யார் என்ற வேறொரு கேள்விக்கான பதில் அது. ஒரு படம் வெளியான முதல் வாரத்தில் ஓடிவந்து வாக்களிப்பவர்கள் அதைப் பார்க்கக் காத்திருந்தவர்கள். சில ஆண்டுகள் கழித்து வேறு நாட்டில் ஏதோ ஓர் இரவில் அதைப் பார்ப்பவரின் மனநிலை வேறு. முதல் கூட்டத்தின் சராசரி, பிந்தைய கூட்டத்தின் சராசரியை விட உயர்ந்திருப்பது இயல்பு. இது தற்செயல் பிழை இல்லை, ஒருபக்கச் சாய்வு. எண்ணிக்கை கூடினால் தானாகக் கரைந்துவிடாது. பெரிய m வைப்பதன் மூலம் பட்டியலை நடத்துபவர்கள், பல தரப்பினரும் பார்த்து முடிக்கும்வரை காத்திருப்போம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அது ஒரு பத்திரிகை ஆசிரியரின் முடிவைப் போன்றது. கணிதம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை.

அந்த முடிவுக்கு ஒரு விலை உண்டு, அதைச் சிறிய மொழிகளின் படங்களே அதிகம் கொடுக்கின்றன. 30,000 பேர் 8.7 கொடுத்த ஒரு தமிழ்ப்படம் இந்தச் சூத்திரத்தில் 7.93 ஆகிவிடும். அதே 8.7-ஐ பத்து லட்சம் பேரிடம் வாங்கிய ஆங்கிலப் படம் 8.66-இல் நிற்கும். படத்தின் தரத்தில் வேறுபாடு இல்லை. பார்த்த கூட்டத்தின் அளவில் மட்டுமே வேறுபாடு. இந்தியப் படங்களுக்கென்று தனிப் பட்டியல் வைத்திருப்பது இந்தக் குறையை ஓரளவு சரிசெய்கிறது.

சராசரியை நோக்கி இழுப்பது உண்மையில் கணிப்பை மேம்படுத்துகிறதா, அல்லது வெறும் எச்சரிக்கை உணர்வா? இதற்குப் புள்ளியியலில் பெயர்பெற்ற ஒரு சோதனை இருக்கிறது. சார்ல்ஸ் ஸ்டைன் 1950-களில் தொடங்கிய ஆய்வின் தொடர்ச்சியாக, பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ் இருவரும் 1977-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் 18 பேஸ்பால் வீரர்களை எடுத்துக்கொண்டார்கள். 1970 பருவத்தில் ஒவ்வொருவரும் முதல் 45 முறை பந்தை எதிர்கொண்டதில் எத்தனை முறை வெற்றிகரமாக அடித்தார்கள் என்பதை வைத்து, மீதிப் பருவத்தில் எப்படி ஆடுவார்கள் என்று இரண்டு விதமாகக் கணித்தார்கள். ஒன்று, அவரவர் சொந்தச் சராசரி அப்படியே. மற்றொன்று, 18 பேரின் பொதுச் சராசரியை நோக்கி இழுத்த எண். இழுத்த எண்களின் மொத்தப் பிழை (வர்க்கங்களின் கூட்டல்), சொந்தச் சராசரிகளின் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது.

அதே ஆய்வில் ராபர்ட்டோ கிளமென்ட்டே என்ற வீரர் இருக்கிறார். முதல் 45-இல் 18 வெற்றி, அதாவது 0.400. சூத்திரம் அவரை 0.29 அளவுக்கு இறக்கியது. மீதிப் பருவத்தில் அவர் எடுத்தது 0.346. அவர் உண்மையாகவே மற்றவர்களைவிட மேலானவர். சூத்திரத்துக்கு அது தெரியாது. கூட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் பிழை குறையும், ஆனால் கூட்டத்தில் நிஜமாகவே தனித்து நிற்பவர் சில காலம் குறைத்து மதிப்பிடப்படுவார். ஐந்து ஸ்டார் வாங்கிய அந்த மூன்று ரிவ்யூ கிரைண்டர் உண்மையிலேயே சந்தையின் சிறந்த கிரைண்டராக இருக்கலாம். அதற்கு இருபத்தொன்று வரை காத்திருப்பதுதான் அது கொடுக்கும் விலை.

எதை நோக்கி இழுக்கிறோம் என்பதிலும் தவறு நேர்வது உண்டு. கிரைண்டரை எல்லா வீட்டுச் சாமான்களின் சராசரியை நோக்கி இழுத்தால், மொபைல் கவரும் பிளாஸ்டிக் டப்பாவும் சேர்ந்து அதன் இடத்தை முடிவுசெய்யும். கிரைண்டரை கிரைண்டர்களின் சராசரிக்கே இழுக்க வேண்டும். அந்தச் சராசரியையும் எல்லா ரிவ்யூக்களையும் ஒன்றாகக் கொட்டி எடுத்தால், பல்லாயிரம் ரிவ்யூ வாங்கிய ஓரிரு பெரிய பிராண்டுகளே அந்த எண்ணாக மாறிவிடும். ஒவ்வொரு பொருளின் சராசரியையும் ஒரு எண்ணாகக் கொண்டு அவற்றின் சராசரியை எடுப்பது புதிதாக வரும் பொருளுக்கு நியாயமான தொடக்கம்.

சூத்திரத்தால் முடியாத ஒன்று இருக்கிறது. போலி ரிவ்யூவை அதற்கு அடையாளம் தெரியாது. வெறும் சராசரியில் முதலிடம் பிடிக்க ஒரு போலி ரிவ்யூ போதும். நம் எடுத்துக்காட்டில் ரிவ்யூவே இல்லாத புதிய பொருளுக்கு 21 தேவை. மோசடியின் செலவு கூடுகிறது, மோசடி நிற்கவில்லை. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 நவம்பரில் அறிமுகப்படுத்திய IS 19000:2022 தரநிலை, இணைய ரிவ்யூக்களைச் சேகரிப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் வெளியிடுவதற்கும் வழிமுறை சொல்கிறது. தொடக்கத்தில் அது தானாக முன்வந்து ஏற்கும் ஏற்பாடாகவே வைக்கப்பட்டது.

சில பெரிய விற்பனைத் தளங்கள் வெறும் சராசரியைக் காட்டுவதில்லை. தன் ஸ்டார் மதிப்பு எளிய சராசரி அல்ல, ரிவ்யூ எவ்வளவு புதியது, உறுதிசெய்யப்பட்ட வாங்குதலா என்பது போன்றவற்றைக் கணக்கில் எடுக்கும் மாதிரி என்று அமேசான் சொல்கிறது. ஆனால் எந்த அம்சத்துக்கு எவ்வளவு எடை என்பது வாங்குபவருக்குத் தெரியாது. சினிமா ரசிகர்களுக்கு ஐ.எம்.டி.பி. அன்று பட்டியலின் அடியில் m எவ்வளவு, C எவ்வளவு என்று இரண்டு எண்களை அச்சிட்டது. யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுச் சரிபார்க்க முடிந்தது. கிரைண்டரும் மிக்ஸியும் விற்கும் தளங்களும் அந்த இரண்டு எண்களைப் பொருள்வகை வாரியாக வெளியிட வேண்டும். அதுவரை, மூன்று பேர் தந்த ஐந்து ஸ்டாரைப் பார்க்கும்போது அந்த வகைப் பொருளின் சராசரியில் இருபது கற்பனை ரிவ்யூக்களை நீங்களே சேர்த்து வகுத்துப் பாருங்கள். போனில் உள்ள கால்குலேட்டரே போதும்.